டீன்-ஸ்டார்க் பொறியால் வினையிலிருந்து நீரை அகற்றுதல்: பியூட்டைல் பென்சோயேட் தயாரிப்பை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கார்பாக்சிலிக் அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டரையும் நீரையும் தரும் வினை மீளக்கூடியது. அதனால், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அது ஒரு சமநிலையில் நின்றுவிடும். எளிய எஸ்டராக்கங்களின் சமநிலை மாறிலி ஏறக்குறைய 4 என்று கொண்டால், அமிலமும் ஆல்கஹாலும் சம மோல் அளவில் இருக்கும்போது மூன்றில் இரண்டு பங்கு அமிலமே எஸ்டராகும். ஆல்கஹாலை 20 சதவீதம் கூடுதலாகச் சேர்த்தாலும் மாற்றம் 72 சதவீதத்தைத் தாண்டாது. மீதமுள்ள அமிலத்தையும் எஸ்டராக்க வேண்டுமானால், உருவாகும் நீரை உருவாக உருவாக வெளியேற்ற வேண்டும். டீன்-ஸ்டார்க் பொறி செய்யும் வேலை அதுதான். 1920-இல் டீன், ஸ்டார்க் என்ற இருவர் பெட்ரோலியத்தில் உள்ள நீரை அளப்பதற்காக வெளியிட்ட கருவி இது. நீரை அளக்கப் பிறந்த கருவி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், வினை எங்கே நிற்கிறது என்பதைப் பொறியின் அளவுக்கோடுகளைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இங்கே பென்சாயிக் அமிலத்தையும் நார்மல் பியூட்டனாலையும் எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே தயாரிப்பைப் பின்தொடர்வோம். பென்சாயிக் அமிலம் ஆவியோடு சேர்ந்து பொறிக்கு வருவதில்லை. உருவாகும் எஸ்டரும் 250 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிப்பதால் குடுவையிலேயே தங்கிவிடும். எனவே பொறியின் அடியில் சேர்வது ஏறக்குறைய நீர் மட்டுமே. முறையைக் கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான வினையைக் காண்பது கடினம்.

C6H5COOH + C4H9OH ⇌ C6H5COOC4H9 + H2O

நீர் எப்படி வெளியேறுகிறது

டொலுயீன் தனியாக 110.6 டிகிரியில் கொதிக்கும். நீர் 100 டிகிரியில் கொதிக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்போதோ, இவ்விரண்டையும்விடக் குறைவாக, ஏறக்குறைய 84 டிகிரியிலேயே கொதித்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரைக் கொண்ட ஆவியைத் தருகின்றன. இதுவே கொதிநிலை மாறாக் கலவை. இந்த ஆவி குளிர்விப்பானில் திரவமாகி, பொறியின் அளவுக்குழாயில் விழுகிறது. குளிர்ந்த நிலையில் டொலுயீனும் நீரும் ஒன்றில் ஒன்று மிகச் சிறிதளவே கரைவதால் இரண்டு அடுக்குகளாகப் பிரிகின்றன. நீர் அடியில் தங்க, அடர்த்தி குறைந்த டொலுயீன் மேலே மிதந்து, பக்கக்குழாய் வழியாக வழிந்து குடுவைக்குத் திரும்புகிறது. இப்படி ஒரே டொலுயீன் திரும்பத் திரும்பச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் நீரைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது.

கரைப்பானைத் தேர்வதில் மூன்றைப் பார்க்க வேண்டும்: அது நீரோடு கொதிநிலை மாறாக் கலவையைத் தர வேண்டும், குளிர்ந்ததும் நீரிலிருந்து பிரிய வேண்டும், நீரைவிட அடர்த்தி குறைந்திருக்க வேண்டும். வெப்பம் தாங்காத பொருள்களுக்குச் சைக்ளோஹெக்சேன் ஏற்றது. அதன் நீர்க்கலவை 69 டிகிரி அளவில் கொதிக்கும். ஆனால் அந்த ஆவியில் நீர் எடையில் 8 அல்லது 9 சதவீதமே என்பதால் வேலை மெதுவாக நடக்கும். பழைய செய்முறைகளில் காணப்படும் பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. அதன் இடத்தில் டொலுயீனையோ சைக்ளோஹெக்சேனையோ வைத்துக்கொள்ள முடிகிறபோது அதைத் தொடுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. டைகுளோரோமீத்தேன், குளோரோஃபார்ம் போன்றவை நீரைவிடக் கனமானவை. அவற்றைச் சாதாரணப் பொறியில் வைத்தால் கரைப்பான் அடியில் தங்கி, நீர் மேலே மிதந்து குடுவைக்கே திரும்பிவிடும். அவற்றுக்கு அடியிலிருந்து கரைப்பானைத் திருப்பியனுப்பும் வேறு வடிவப் பொறி உண்டு.

முதலில் கணக்கு

அடுப்பை ஏற்றுவதற்கு முன்பே, பொறியில் எவ்வளவு நீர் சேர வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும். பென்சாயிக் அமிலம் 24.4 கிராம் எடுத்தால் அது 0.20 மோல். நார்மல் பியூட்டனால் 22 மி.லி., அதாவது 17.8 கிராம், 0.24 மோல். வினையூக்கியாகப் பாரா-டொலுயீன்சல்போனிக் அமிலத்தின் ஒற்றை ஹைட்ரேட் 1.9 கிராம், அதாவது 0.01 மோல். டொலுயீன் 80 மி.லி.; பொறியை நிரப்புவதற்கான டொலுயீன் இதில் சேராது.

அமிலம் முழுவதும் எஸ்டரானால் 0.20 மோல் நீர், அதாவது 3.6 மி.லி. வரும். வினையூக்கி தன் படிகத்தோடு கொண்டுவரும் நீர் ஏறக்குறைய 0.2 மி.லி. ஆக மொத்தம் 3.8 மி.லி. எதிர்பார்க்கலாம். வினையூக்கியின் நீரைக் கணக்கில் சேர்க்கத் தவறுகிறவர்கள் பலர். பிறகு பொறியில் 3.6-ஐப் பார்த்ததும் வினை முடிந்துவிட்டதாக எண்ணி அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அப்போது இன்னும் ஐந்து சதவீதத்துக்கும் மேற்பட்ட அமிலம் குடுவையில் மிச்சமிருக்கும்.

இன்னொரு கணக்கும் இங்கே தேவை. சமநிலை மாறிலியை 4 என்றே வைத்துக்கொண்டு, இந்த அளவுகளில் 98 சதவீத மாற்றத்தை அடைய வேண்டுமானால் குடுவையில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கலாம் என்று பார்த்தால், விடை ஏறக்குறைய 0.065 மி.லி. என்று வருகிறது. இது தோராயக் கணக்குத்தான். ஆனால் அது காட்டும் அளவு முக்கியமானது. ஒன்றிரண்டு துளி நீர் குடுவையில் தங்கினாலே மாற்றம் 98-க்கு மேல் போகாது. முதல் 3 மி.லி. நீரை அகற்றுவது எளிது. கடைசித் துளிகளை அகற்றி, அவை திரும்பி விழாமல் காப்பதில்தான் இந்த முறையின் கவனம் முழுவதும் இருக்கிறது. கீழே வரும் அறிவுரைகளில் பாதி அந்தக் கடைசித் துளிகளுக்காகச் சொல்லப்படுபவை.

கருவியை அமைத்தல்

பொறியின் அளவுக்குழாய் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும். கண்ணாடியில் கிரீஸோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நீர்த்துளிகள் சுவரில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவி, நிறைய நீரால் அலசி, பிறகு அசிட்டோன் ஊற்றிக் காயவைக்க வேண்டும். சுத்தமான கண்ணாடியில் நீர் துளிகளாக நிற்காமல் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். கழுவும்போதே இதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

250 மி.லி. உருண்டைக் குடுவையில் அமிலம், பியூட்டனால், டொலுயீன், வினையூக்கி ஆகியவற்றோடு காந்தக் கலக்கியின் துண்டையும் இட வேண்டும். மொத்தத் திரவம் 120 மி.லி. அளவில் வருவதால் குடுவை பாதியளவே நிறைந்திருக்கும். அதைத் தாண்டி மிகுதியாக நிரப்பினால் கொதிக்கும்போது திரவமே பக்கக்குழாயில் ஏறிவிடும். காந்தக் கலக்கி இல்லாவிட்டால் கொதிகற்களை இப்போதே போட்டுவிட வேண்டும். சூடான திரவத்தில் பிறகு போட்டால் அது ஒரேயடியாகப் பொங்கி எழும்.

குடுவையின் மேல் 10 மி.லி. பொறியையும், பொறியின் மேல் குளிர்விப்பானையும் பொருத்த வேண்டும். அளவுக்குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அளவும் தவறும், வழிவதும் சீராக இருக்காது. குளிர்விப்பானின் மேல்வாயைத் திறந்தே விட வேண்டும், அல்லது உலர்த்தும் குழாயைப் பொருத்தலாம். எக்காரணத்தாலும் அதை மூடக்கூடாது; மூடிய கருவியைச் சூடாக்கினால் வெடிக்கும். குளிர்நீர் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேற வேண்டும். ரப்பர்க் குழாய்களைக் கவ்வியால் இறுக்க வேண்டும். அடியிலுள்ள திருகுக்குழாய் டெஃப்லானால் ஆனதாக இருப்பது நல்லது. கண்ணாடித் திருகில் பூசிய கிரீஸைச் சூடான டொலுயீன் கரைத்துக்கொண்டு போய்விடும். அதன்பின் அது கசியத் தொடங்கும்.

அடுத்து, பொறியைப் பக்கக்குழாயின் விளிம்புவரை டொலுயீனால் நிரப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதலில் வடியும் 10 மி.லி. கரைப்பானும் பொறியிலேயே தேங்கும். அந்த அளவு குடுவையில் குறையும். குடுவைக்கும் பொறிக்கும் இடைப்பட்ட ஆவிக்குழாயை அலுமினியத் தாளாலோ கண்ணாடிப் பஞ்சாலோ சுற்ற வேண்டும். அளவுக்குழாயைச் சுற்றக்கூடாது, அது குளிர்ந்திருக்க வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

டொலுயீனின் தீப்பற்று நிலை 4 டிகிரி செல்சியஸ்தான். சாதாரண அறை வெப்பத்திலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். ஆகையால் முழு வேலையும் புகைபோக்கி அறைக்குள் நடக்க வேண்டும். சூடாக்க எண்ணெய்த் தொட்டியோ வெப்ப உறையோ மட்டுமே. சுடர் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் தேவை.

கொதிக்கவைத்தலும் கவனித்தலும்

குளிர்நீரைத் திறந்து, அது சீராக ஓடுவதைப் பார்த்த பிறகே சூடாக்கத் தொடங்க வேண்டும். எண்ணெய்த் தொட்டியை 135 முதல் 140 டிகிரி வரை மெல்ல ஏற்றினால், பென்சாயிக் அமிலம் கரைந்து, சிறிது நேரத்தில் கலவை கொதிக்கத் தொடங்கும். ஆவி ஒடுங்கும் ஈர வளையம் குடுவையின் கழுத்தில் ஏறி, ஆவிக்குழாயைக் கடந்து குளிர்விப்பானை எட்டுவதைக் கண்ணால் பின்தொடரலாம். வளையம் பாதி வழியில் நின்றுவிட்டால் சூடு போதவில்லை அல்லது குழாயை நன்றாகச் சுற்றவில்லை என்று பொருள். குடுவை நன்றாகக் கொதிப்பதுபோல் தோன்றினாலும், ஆவி பொறிக்குப் போகாமல் வழியிலேயே திரவமாகிக் குடுவைக்குத் திரும்பும் நிலை இது. மணிக்கணக்கில் காத்திருந்தும் நீர் வரவில்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான இடங்களில் காரணம் இதுதான்.

குளிர்விப்பானின் நுனியிலிருந்து நொடிக்கு ஒன்றிரண்டு துளி விழும்படி சூட்டை அமைக்க வேண்டும். முதலில் விழும் துளிகள் பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். அளவுக்குழாயின் டொலுயீனுக்குள் விழுந்ததும், அந்தக் கலங்கலிலிருந்து ஊசிமுனை அளவான நீர்மணிகள் பிரிந்து மெதுவாகக் கீழே இறங்கும். அடியில் சேர்ந்து, தெளிவான அடுக்காகி, அதன் மேற்பரப்பு கோடுகோடாக ஏறும். தொடக்கத்தில் இது விரைவாக நடக்கும். அமிலம் குறையக் குறைய வேகம் தளரும்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நீரின் அளவைக் குறித்துவைக்க வேண்டும். அளவு 2.0 மி.லி. என்றால், வினையூக்கியின் 0.2-ஐக் கழித்து 3.6-ஆல் வகுத்தால் பாதி வேலை முடிந்தது என்று தெரியும். 2.8 மி.லி.-ஐத் தாண்டும்போது, நீரை அகற்றாமல் அடைந்திருக்கக்கூடிய எல்லையை வினை கடந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சுவரில் ஒட்டிய நீர்மணிகளையும், இரண்டு அடுக்குகளின் நடுவே தங்கும் மணிகளையும் அவ்வப்போது இறக்கிவிட வேண்டும். மேல்வாயின் வழியாக நீண்ட மெல்லிய கண்ணாடித் தண்டையோ டெஃப்லான் பூசிய கம்பியையோ விட்டு மெல்லத் தொட்டால் அவை இறங்கும். அதற்குமுன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். டொலுயீனின் மேற்பரப்புக்கு அருகில் மிதக்கும் மணிகள் பக்கக்குழாயின் வழியே வழிந்து போய்விடும். மேலே சொன்ன கணக்கின்படி, குடுவைக்குத் திரும்பும் ஒரே ஒரு துளி நீர் இறுதியில் ஒன்றரைச் சதவீத அமிலத்தைப் பிடித்துவைக்கப் போதுமானது. அடுத்த சுற்றில் அது மீண்டும் வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் தொடர்ந்து விழுந்துகொண்டே இருந்தால் வினை ஒரு கட்டத்தில் நகராது.

அளவுக்குழாய் தொட முடியாதபடி சூடேறினாலும் இதே தீமைதான். சூடான டொலுயீன் குளிர்ந்ததைவிட அதிக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கலங்கலும் பிரியாமல் அப்படியே வழிந்துவிடும். குளிர்நீரின் ஓட்டத்தைக் கூட்டி, கொதிப்பைச் சற்றுக் குறைத்தால் சரியாகும்.

எப்போது முடிந்தது என்று சொல்வது

மூன்று அறிகுறிகள் ஒன்றாக வர வேண்டும். நீரின் அளவு அரை மணி நேரத்துக்கும் மேலாக மாறாமல் நிற்க வேண்டும். விழும் துளிகள் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். அளவு எதிர்பார்த்த எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். முதல் இரண்டு மட்டும் வந்தால் போதாது. சூடு குறைந்து ஆவி பொறியை எட்டாமல் போனாலும் நீரின் அளவு மாறாமல்தான் நிற்கும்.

இந்த வினையில் இறுதி அளவு 3.8-க்குச் சற்று மேலே போவது இயல்பு. பியூட்டனாலும் ஆவியோடு வருகிறது. அதில் பெரும்பகுதி டொலுயீனில் தங்கினாலும், ஒரு பங்கு நீரில் கரைந்து அதன் கனஅளவைக் கூட்டுகிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: வடித்தெடுத்த நீரில் சாப்பாட்டு உப்பைக் கரைபடும் அளவுக்குச் சேர்த்தால், கரைந்திருந்த பியூட்டனால் மேலே மெல்லிய அடுக்காகப் பிரிந்து நிற்கும். பியூட்டனாலைக் கூடுதலாக எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பொறியில் தங்கும் பங்கு வினைக்குக் கிடைப்பதில்லை.

அளவு 3.8-ஐவிட மிக அதிகமாகப் போனால் மூலப்பொருள்களில் ஈரம் இருந்திருக்கலாம், அல்லது குளிர்விப்பானின் வெளிப்புறத்தில் படியும் நீர் இணைப்பின் வழியே உள்ளே இறங்கியிருக்கலாம். அமில வினையூக்கியோடு நெடுநேரம் கொதிக்கவைத்தால், பியூட்டனாலில் சிறு பங்கு டைபியூட்டைல் ஈதராக மாறியும் நீரைத் தரும். அளவு குறைவாக நின்றால் முதலில் ஆவிக்குழாயின் சுற்றுறையையும் சூட்டையும் பார்க்க வேண்டும். அதன்பின் குளிர்விப்பானின் உட்சுவரில் நீர்மணிகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஐயம் தீரவில்லையென்றால் அமிலத்தை நேராகவே அளந்துவிடலாம். சூட்டைத் தணித்து, குடுவையிலிருந்து 1 மி.லி. எடுத்து எத்தனாலில் கரைத்து, ஃபீனால்ஃப்தலீனை நிறங்காட்டியாகக் கொண்டு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க வேண்டும். வினை தொடங்கும்முன் இதற்கு 17 மி.லி. அளவுக்குக் காரம் செலவாகும். வினையூக்கிக்கு மட்டும் 0.8 மி.லி. போகும் என்பதால், 98 சதவீதம் முடிந்த நிலையில் மொத்தச் செலவு 1.2 மி.லி. அளவில் இருக்கும். பொறியும் காரமும் ஒரே செய்தியைச் சொன்னால் அடுப்பை அணைக்கலாம்.

எஸ்டரைப் பிரித்தெடுத்தல்

கலவை அறை வெப்பத்துக்குக் குளிர்ந்ததும், அதைப் பிரிபுனலில் ஊற்றி, முதலில் நீராலும் பிறகு சோடியம் பைகார்பனேட்டின் தெவிட்டிய கரைசலாலும் கழுவ வேண்டும். கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால், மூடிக் குலுக்கும் முன் திறந்த நிலையிலேயே சுழற்றிவிட்டு, குலுக்கும்போது அடிக்கடி அழுத்தத்தைத் திறந்துவிட வேண்டும். தூய பியூட்டைல் பென்சோயேட்டின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், டொலுயீனை ஆவியாக்கிவிட்டுக் கழுவ முனைந்தால் அடுக்குகள் பிரியாமல் தொல்லை தரும். டொலுயீன் இருக்கும்போதே கழுவினால் எஸ்டர் அடுக்கு மேலே தெளிவாக நிற்கும். கழுவிய நீர் காரத்தன்மை காட்டும்வரை பைகார்பனேட்டால் கழுவி, கடைசியாக உப்புக் கரைசலால் கழுவி, நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தி வடிகட்ட வேண்டும்.

வினையூக்கி முழுவதும் நீங்காமல் காய்ச்சி வடிக்கத் தொடங்கக்கூடாது; அமிலம் மிஞ்சியிருந்தால் உயர் வெப்பத்தில் பொருள் கருகும். டொலுயீனையும் மிகுதி பியூட்டனாலையும் சுழல் ஆவியாக்கியில் நீக்கிய பிறகு, எஸ்டரைக் குறைந்த அழுத்தத்தில் வடித்தெடுக்கலாம். கோட்பாட்டு அளவு 35.6 கிராம்; 32 கிராம் கிடைத்தால் 90 சதவீதம். பைகார்பனேட் கழிவை அமிலமாக்கினால் மாறாத பென்சாயிக் அமிலம் வெண்படிகமாகப் படியும். அதை உலர்த்தி எடைபோட்டால், பொறி காட்டிய கணக்கைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த முறை பொருந்தாத இடங்கள்

அசிட்டிக் அமிலம் டொலுயீனோடு தானே ஒரு கொதிநிலை மாறாக் கலவையைத் தருவதால், அது பொறிக்கு வந்து நீர் அடுக்கில் கரையும். அப்போது நீரின் அளவு பெருத்துக் காட்டும், அமிலமும் இழக்கப்படும். அசிட்டேட் எஸ்டர்களுக்கு இம்முறையைப் பயன்படுத்துகிறவர்கள், வடிந்த நீரின் அமிலத்தைத் தரம்பார்த்துக் கழித்துக்கொள்ள வேண்டும்.

மெத்தனாலும் எத்தனாலும் இதைவிடக் கடினமானவை. அவை குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிப் பொறிக்கு வந்து, டொலுயீனை விட்டு நீர் அடுக்குக்குள் பெருமளவில் போய்விடும். அதனால் வினைக்கு வேண்டிய ஆல்கஹாலே குடுவையில் குறைகிறது. பொறியின் எண்ணுக்கும் பொருளில்லாமல் போகிறது. மெத்தில், எத்தில் எஸ்டர்களுக்கு ஆல்கஹாலையே கரைப்பானாக மிகுதியாக எடுத்துக் கொதிக்கவைப்பது எளிய வழி. அல்லது, திரும்பிவரும் கரைப்பான் 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடையின் வழியே செல்லுமாறு அமைத்து நீரை அதிலேயே பிடித்துவைக்கலாம்.